பிழையான விடைகளை எழுதும் வேலை

என் வாழ்க்கையில் நான் மிகவும் கவனமாக எழுதியவை அறுபது பிழையான விடைகள். முப்பது வருடத்துக்கு மேலாகக் கரும்பலகையில் சரியான விடைகளை எழுதித்தான் சோறு தின்றேன். ஆனால் அவற்றில் ஒன்றுக்காவது நான் இரண்டு தடவை யோசித்ததில்லை. பிழைகளுக்கு மட்டும் ஒரு மாதம் யோசித்தேன். அதிலே ஒரு பிழை என்னுடையது என்பது கடைசியில்தான் எனக்குத் தெரியவந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. சண்டிலிப்பாய்க்கு அண்மையில் ஒரு சைவப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு நான் ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியிலிருந்து சான்றிதழோடு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன் என்பதிலிருந்தே என் குணத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். ஒன்று எனக்கு, மற்றது சட்டம்பியாருக்கு. சட்டம்பியார் என்றால் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். எல்லா வாத்தியார்மாருக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்றாலும் எங்கள் பாடசாலையில் அது அவர் ஒருவருக்கே நின்றுபோனது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். விடியற்காலையில் வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, காலில் செம்மண் காய்ந்திருக்க வகுப்புக்கு வருவார். சான்றிதழ் ஒன்றும் இல்லை. பாதி நாள் பிள்ளைகளைப் பின்வளவுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தடியைக் கொடுத்து, பாத்தியை அள, கன்றை எண்ணு என்று வெயிலில் விடுவார். நான் சன்னலுக்குள்ளால் பார்த்து, இதுவும் ஒரு படிப்பிப்பா என்று உச்சுக்கொட்டுவேன்.

அந்த வருடம் அயலில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் திறந்து, சப்பாத்துப் போட வசதியுள்ள பிள்ளைகளையெல்லாம் இழுத்துக்கொண்டது. எங்களுக்கு வரவு குறைந்தது. வரவு குறைந்தால் அரசாங்கம் ஓர் ஆசிரியரைக் குறைக்கச் சொல்லும். அடுத்த தவணையிலிருந்து இரண்டு பிரிவும் ஒன்றாகும், கணக்குக்கு ஒருவர் போதும் என்று மனேச்சர் அறிவித்துவிட்டார். மனேச்சர் என்பவர் பாடசாலையை நடத்திய, புகையிலைத் தோட்டங்கள் வைத்திருந்த கமக்காரர். பருத்தித்துறைப் பக்கம் அவருக்கு இன்னொரு சிறிய பாடசாலை இருந்தது. தோற்பவரை அங்கே அனுப்பலாம் என்றார்.

சட்டம்பியார் அங்கே போகலாம், தோட்டத்தை விட்டுவிட்டு. நான் போக முடியாது. கலியாணமாகாத பெண்ணைத் தனியே பருத்தித்துறைக்கு அனுப்ப என் அப்பாவுக்கு எந்தப் பிறவியிலும் மனம் வராது. போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வீட்டுக்குள் இருந்து, வருகிற மாப்பிள்ளைமாருக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மிச்சம். சுவரில் தொங்குகிற சான்றிதழைத் தூசி தட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே காலம் போகும். எனக்கு அந்த வேலை வேண்டும். உயிரைப் போல வேண்டும்.

ஆரை வைத்துக்கொள்வது என்பதை ஒரு சோதினை தீர்க்கும் என்றார் மனேச்சர். இரண்டு பிரிவுக்கும் ஒரே சோதினை. எந்தப் பிரிவு கூடச் சரி எடுக்கிறதோ அந்த ஆசிரியருக்கு இடம். அதுவும் பழைய மாதிரிச் சோதினை அல்ல. கொழும்பிலிருந்து வந்த ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அவர் புதுமாதிரிச் சோதினை ஒன்றைப் பற்றி வாசித்திருந்தார். கேள்விக்குக் கீழே நான்கு விடை இருக்கும். ஒன்று சரி, மூன்று பிழை. பிள்ளை எழுத்தை மட்டும் எழுதினால் போதும். திருத்துவது சுகம் என்று பத்திரிகை சொல்லியிருந்தது. அவருக்குப் பிடித்தது அந்தச் சுகம்தான்.

ஆசிரியர் கூட்டத்தில் அவரே ஒரு மாதிரிக் கேள்வி எழுதிக்கொண்டு வந்து வாசித்தார்.

"பசுவுக்கு எத்தனை கால்? அ, நாலு. ஆ, நானூறு. இ, சுன்னாகம். ஈ, செவ்வாய்க்கிழமை."

வாசித்துவிட்டு எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "என்ரை வீட்டிலை ஆறு பிள்ளையளிட்டைக் கேட்டனான். ஆறுபேரும் சரி. எப்பிடி?"

நாங்கள் தலையாட்டினோம். அவருடைய பசு நன்றாகக் கறக்கிற பசு என்றும் தலைமை வாத்தியார் ஒரு சொல் சேர்த்துக்கொண்டார்.

தலைமை வாத்தியாரின் திறமை வேறு பக்கம் போகும். பிள்ளைகளை விழுத்துவதில் அவருக்கு ஒரு கலைஞனின் ஆனந்தம். அடுத்த நாளே ஒரு கேள்வி கொண்டுவந்தார். கிணற்றில் பன்னிரண்டு அடி தண்ணீர். ஐந்து அடி இறைத்தால் மிச்சம் எவ்வளவு? அ, ஏழு. ஆ, ஐந்து. இ, ஏழு அடி. ஈ, பதினேழு அடி. எந்தப் பிள்ளையும் 'ஏழு' என்று கண்டவுடன் 'அ' என்று எழுதும். அது பிழையாம்.

"ஏழெண்டா என்ன பிள்ளை? ஏழு மாடோ? ஏழு வாளியோ? 'இ' தான் சரி." சிரித்துக்கொண்டே பொடி போட்டார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ எரிந்தது. மனேச்சரின் சுன்னாகத்தை எந்தப் பிள்ளையும் தொடாது. தொடாத விடை அங்கே இருந்து என்ன, இல்லாமல் போய் என்ன? வெறும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தலைமை வாத்தியாரின் 'ஏழு' அதைவிட மோசம். கழிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் அது விழுத்துகிறது. விழுந்த பிள்ளைக்கு என்ன தெரியாது என்று கேட்டால், தலைமை வாத்தியாரைத் தெரியாது என்பதைத் தவிர வேறு மறுமொழி இல்லை. ஒரு பிழையான விடை எங்கே இருக்கவேண்டும்? ஒரு பிள்ளை உண்மையாகவே கணக்கைச் செய்து, ஆனால் ஓரிடத்தில் வழி மாறிப் போய்ச் சேருகிற இடத்தில் இருக்கவேண்டும். அங்கே போய் நிற்கிற பிள்ளை, தான் எந்தச் சந்தியில் பிழையாகத் திரும்பியது என்பதை எங்களுக்குச் சொல்லிவிடும். இதை அடுத்த கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன்.

மனேச்சருக்கு விளங்கவில்லை. ஆனால் தனக்கு விளங்காத ஒன்று தன் பாடசாலையில் நடப்பது பெருமை என்று நினைக்கிற நல்ல மனிதர் அவர்.

"அப்ப இருபது கேள்வியையும் ஆர் எழுதிறது?" என்றார். "இரண்டு பேரும் பத்துப் பத்தா எழுதிறியளோ?"

சட்டம்பியார் மூலையில் இருந்து மெல்ல எழும்பினார். "எனக்கு உந்த வேலை வராது ஐயா. சரியான மறுமொழி ஒண்டு எழுதவே நான் ரண்டு தரம் அழிப்பன். தங்கச்சியே எல்லாத்தையும் எழுதட்டும். எனக்கொரு மனக்குறையும் இல்லை."

போட்டியில் நிற்கிற இருவரில் ஒருவரிடமே கேள்வித்தாளைக் கொடுப்பது நியாயமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் என்ன பைத்தியமா?

பிழைகளை எங்கே பொறுக்குவது? வீட்டில் இருந்து கற்பனை செய்தால் மனேச்சரின் செவ்வாய்க்கிழமைதான் வரும். ஆகவே விடை ஒன்றும் கொடுக்காமல் வெறும் கணக்கை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து, சிலேட்டில் என்ன வருகிறது என்று பார்த்து, எப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது என்று முடிவு செய்தேன். இதற்காகச் சட்டம்பியாரின் பிரிவில் ஒரு கிழமை முழுக்க வந்து இருக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். கேள்விகளின் எண்களை மாற்றித்தான் கொடுப்பேன், சோதினைக் கணக்கு வெளியே போகாது என்றும் சொன்னேன்.

"தாராளமா வாங்கோ," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்கடை பிள்ளையளிட்டையும் கேப்பியள்தானே?" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இருக்கவில்லை. விதை எவ்வளவு வேண்டும் என்று விசாரிக்கிற குரல்தான்.

"என்ரை பிள்ளையளை எனக்குத் தெரியும், அண்ணை," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை எனக்கு ஒரு திருவிழா. இரண்டு சதத்துக் கொப்பி ஒன்றில் பிழை பிழையாக அள்ளினேன். ஐந்நூற்றிரண்டிலிருந்து இருநூற்று அறுபத்தெட்டைக் கழி என்பது போன்ற ஒரு கணக்குக்கு ஒரு பையன் முந்நூற்று அறுபத்தாறு போல ஒரு விடை காட்டினான். எப்படி என்றேன்.

"பெரிசிலையிருந்து சின்னனைத்தானே ரீச்சர் கழிக்கலாம்," என்றான். இரண்டிலிருந்து எட்டுப் போகாது, ஆகவே எட்டிலிருந்து இரண்டு. பூச்சியத்திலிருந்து ஆறு போகாது, ஆகவே ஆறிலிருந்து பூச்சியம். மேல் எது, கீழ் எது என்று அவனுக்கு வேறுபாடு இல்லை. இன்னொருத்தி கடன் வாங்கினாள், ஆனால் பூச்சியத்தைத் தாண்டி வாங்கும்போது அது ஒன்பதாகிவிட்டதை மறந்து பத்தாகவே வைத்துக்கொண்டாள். அவளுக்கு இருநூற்று நாற்பத்து நான்கு. மூன்றாவது ஆள் நூற்றில் கடன் வாங்கிவிட்டு நூற்றைக் குறைக்க மறந்துபோனான். அவனுக்கு முந்நூற்று முப்பத்து நான்கு. சரியான விடை இருநூற்று முப்பத்து நான்கு. நான்கு எண், நான்கு தலை. என் கொப்பியில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அந்தத் தலைக்குள் நடந்ததை எழுதினேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று சொன்னவர்களையும் எழுதினேன். மேலை மேலோடும் கீழைக் கீழோடும் கூட்டியவர்கள் அவர்கள். பதரைப் பிரித்துவிட்டு நெல்லைக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் நெல்லைத் தள்ளிவிட்டுப் பதரைக் கட்டினேன்.

ஒரு சிறுமியை மறக்க முடியாது. பரப்பும் குழியும் எங்கள் ஊர் நில அளவுகள்; மூன்று பரப்புத் தோட்டக் காணி எத்தனை குழி என்று கேட்டிருந்தேன். தோட்டக் காணியை வரகுப் பரப்பில்தான் கணக்கிடுவது, பரப்புக்குப் பதினெட்டுக் குழி. ஐம்பத்து நான்கு என்பது விடை. அவள் முப்பத்தாறு என்று எழுதியிருந்தாள்.

"எப்படிப் பிள்ளை?"

"எங்கடை வயல் அப்பிடித்தான் ரீச்சர். பரப்புக்குப் பன்னிரண்டு குழி எண்டு அப்பு சொன்னவர்."

வயலுக்கு நெற்பரப்பு, அதற்குப் பன்னிரண்டுதான். தகப்பன் சொன்னதும் சரி, அவள் பெருக்கியதும் சரி. காணிதான் வேறு. உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பிள்ளையும் இந்தப் பிழையை விடாது. மகிழ்ச்சியில் அவளைக் கட்டிக் கொஞ்சலாம் போல இருந்தது. முப்பத்தாறை 'ஆ' என்று எழுதிக்கொண்டேன். மூன்றையும் பதினெட்டையும் கூட்டிய இருபத்தொன்று 'இ'. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்பதை இதற்குள் இழுத்துக்கொண்டு வந்து நாற்பத்தெட்டு என்றவனுக்கு 'ஈ'.

தலைமை வாத்தியார் என் தாளைப் பார்வையிட்டபோது இந்தக் கேள்வியில் 'தோட்டக் காணி' என்ற சொல்லை வெட்டச் சொன்னார்.

"சும்மா 'காணி' எண்டு போடும். பாதிப் பேர் விழுவினம்."

"ஐயா, அப்ப முப்பத்தாறும் சரிதானே? விழுந்த பிள்ளையிட்டை என்ன பிழை இருக்கு?"

"விழுந்ததுதான் பிழை," என்றார். அந்தச் சொல்லை வெட்டாமல் காப்பாற்ற எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அதற்குப் பதிலாக அவருடைய கிணற்றுக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னார். சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

இனி உண்மையைச் சொல்கிறேன். பிள்ளைகளின் சிந்தனையை அறிகிற ஆர்வம் எனக்கு இருந்தது, பொய்யில்லை. அதனோடு இன்னொன்றும் இருந்தது. என் பிழை விடைகள் எல்லாம் சட்டம்பியாரின் பிள்ளைகளிடம் பொறுக்கியவை. ஒவ்வொன்றும் அவர்களுடைய காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்பு. அவர்கள் தேடிப்போய் அதில் காலை விடுவார்கள். என் பிள்ளைகள் விடமாட்டார்கள். இது கள்ளம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. விஞ்ஞானம் என்று தோன்றியது.

பதினேழாவது கேள்வியில்தான் எனக்கு மிகுந்த நம்பிக்கை. ஒரு பாத்தியில் நூற்றிருபது விதைவெங்காயம் ஊன்றலாம். பாத்தியின் நீளத்தையும் இரட்டித்து அகலத்தையும் இரட்டித்தால், அதே இடைவெளியில் எத்தனை ஊன்றலாம்? சரி, நானூற்றெண்பது. நீளம் ஒரு மடங்கு கூட்டும், அகலம் ஒரு மடங்கு கூட்டும் என்று நினைப்பவனுக்கு முந்நூற்று அறுபது. எண்ணைக் கண்டால் கூட்டுகிறவனுக்கு நூற்றிருபத்து நான்கு. இரட்டித்தது என்ற சொல்லைக் கேட்டவுடன் இரட்டிப்பவனுக்கு இருநூற்று நாற்பது. சட்டம்பியாரின் பிரிவில் இரண்டு பேர் அந்த இரட்டிப்பைச் செய்திருந்தார்கள். விதியைப் படிப்பிக்காமல் வெயிலில் விட்டால் இப்படித்தான் என்று கொப்பியில் எழுதினேன். இந்த வரியைப் பின்னால் எத்தனையோ தடவை எடுத்து வாசித்திருக்கிறேன்.

என் வகுப்பில் விதி இருந்தது. விதி மட்டுமல்ல, பாட்டே இருந்தது. விகிதக் கணக்குக்காக நானே கட்டிய பாட்டு.

"ஒன்று இரட்டித்தால் விடையும் இரட்டிக்கும், ஒன்று பாதியானால் விடையும் பாதி."

மூன்று முழக் கயிற்றுக்கு இவ்வளவு நார் என்றால் ஆறு முழத்துக்கு எவ்வளவு? பாட்டைப் பாடு, விடை வரும். என் பிள்ளைகள் கை தட்டிப் பாடுவார்கள். பார்வையிட வந்த பரிசோதகர்கூடக் கொஞ்சநேரம் காலால் தாளம் போட்டுவிட்டு, நல்ல உற்சாகம் என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

சோதினை நாளில் இரண்டு பிரிவையும் மண்டபத்தில் கலந்து இருத்தினோம். கரும்பலகையில் ஒவ்வொரு கேள்வியாக எழுதினேன். பிள்ளைகள் துண்டுத்தாளில் எழுத்தை எழுதினார்கள். பதினேழாவது கேள்வியை எழுதிவிட்டுத் திரும்பினேன். சட்டம்பியாரின் பிள்ளைகள் சிலர் விரலால் வாங்குப் பலகையில் பெட்டி பெட்டியாகக் கீறிக்கொண்டிருந்தார்கள். பாவம், கணக்கைக் கீறிப் பார்க்கிறதுகள் என்று நினைத்தேன். என் பிள்ளைகளின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பாடுகிறார்கள் என்று விளங்கியது. உடம்பெல்லாம் பெருமையால் குளிர்ந்தது. விஷயம் அந்த நிமிடமே என் மண்டையில் ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை.

பின்னேரம் வெறும் வகுப்பில் இருந்து திருத்தினேன். சரியை மட்டும் எண்ணினால் அரை மணியில் முடிந்திருக்கும். எனக்கு என் விஞ்ஞானம் இருந்ததே. ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ, ஈ என்று கோடு போட்டு, எந்தப் பிரிவில் எத்தனை பேர் எதை எழுதினார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தேன். கழித்தலில் என் பிரிவு முன். பின்னத்தில் முன். குழிக் கணக்கில் கொஞ்சம் பின், அதற்கு வயற்காரப் பிள்ளைகள் காரணம். பிறகு பதினேழு வந்தது.

சட்டம்பியாரின் இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் நானூற்றெண்பது. மிச்சம் ஐந்து பேரும் மூன்று பிழைகளிலும் சிதறிக் கிடந்தார்கள். என் இருபத்து நான்கு பேரில் இருபத்தொரு பேர் 'இ'. இருநூற்று நாற்பது.

தாளை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். இருபத்தொன்றுதான். என் கெட்டிக்காரி, கழித்தலில் ஒரு பிழையும் விடாதவள், அவளும் 'இ'. சட்டம்பியாரின் பிள்ளைகளுக்கென்று தைத்த செருப்பில் என் பிள்ளைகள் வரிசையாகக் காலை விட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை பிழை விட்டால் அது பிள்ளையின் தலையில் உள்ள பிழை. இருபத்தொரு பிள்ளைகள் ஒரே பிழையை விட்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேறு ஆள் அந்த அறையில் இருக்கவில்லை. இரட்டித்தால் இரட்டிக்கும் என்று நான்தான் பாட வைத்தேன். எது இரட்டிக்கிறது, ஒன்றா, இரண்டா, நிலமா, கயிறா என்று பார்க்கச் சொன்னேனா? இல்லை. பார்க்கச் சொன்னவர் வெயிலில் தடியோடு நின்றார். நான் சன்னலுக்குள்ளால் உச்சுக்கொட்டினேன்.

வெட்கத்தில் அழுதேன். அழுகையின் நடுவிலும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். இரண்டு பிரிவையும் பிள்ளைகளின் தொகைக்கு ஏற்பச் சமப்படுத்திப் பார்த்தபோதும் மயிரிழையில் நான்தான் முன்னுக்கு நின்றேன்.

அடுத்த நாள் காலை மனேச்சரின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் நின்று புகையிலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். கோடு போட்ட தாளை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். சட்டம்பியாரின் பிள்ளைகள் விட்ட பிழைகள் பிள்ளைகளின் பிழைகள், என் பிள்ளைகள் விட்டது நான் படிப்பித்த பிழை, அந்தச் சோதினை இதைத்தான் காட்டுகிறது என்றேன்.

அவர் தாளை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "கூடச் சரி ஆற்றை பக்கம்?"

"என்ரை பக்கம். ஆனால் ஐயா, பிழைகளைப் பாருங்கோ..."

"பிழையை ஆர் பிள்ளை எண்ணிறது? சரியை எண்ணத்தான் சோதினை. பிழையையும் எண்ணிக்கொண்டு நிண்டா எப்ப சாப்பிடப் போறது?"

"இருபத்தொரு பேரும் ஒரே பிழையை எழுதியிருக்கினம் ஐயா."

அவர் முகம் மலர்ந்தது. "இருபத்தொண்டும் ஒரே மாதிரியோ? பார்த்தீரே! அந்தாளின்ரையள் ஆளுக்கொரு பக்கம் இழுக்குதுகள். உம்மடையள் எழுதினா எல்லாம் ஒண்டாய் எழுதுதுகள். ஒழுங்கெண்டால் இதுவெல்லோ ஒழுங்கு! நான் சரியான ஆளைத்தான் வைச்சிருக்கிறன்."

நான் இன்னும் பேசியிருக்கலாம். உரத்துச் சொல்லியிருக்கலாம். இடம் எனக்கு வேண்டாம், அவருக்குக் கொடுங்கள் என்று ஒரு வசனம், எட்டுச் சொல்கூட வராது. அது என் வாயில் வரவில்லை. அப்பாவின் வீடும் கோப்பித் தட்டும் கண்ணுக்கு முன் வந்து நின்றன. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்ற ஒரு நிம்மதியும், அவர் அதைக் கேட்கவில்லையே என்ற இன்னொரு நிம்மதியுமாக வீட்டுக்கு நடந்தேன். இரண்டாவது நிம்மதிதான் பெரிது.

தவணையின் கடைசி நாள் சட்டம்பியார் தன் வரவுப் புத்தகத்தை ஒப்படைக்க என் வகுப்புக்கு வந்தார். காலில் மண் இல்லை. கழுவிவிட்டு வந்திருந்தார், அதுவே எனக்குத் தாங்கவில்லை. தோட்டத்தைத் தம்பியிடம் விட்டிருப்பதாகவும், வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பதினேழாவது கேள்வியைப் பற்றி அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. மேசைமேல் கிடந்த என் கோட்டுத் தாளை அவராகவே எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். பதினேழில் விரல் நின்றது. அந்தத் தாளை எழுதிய எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்பட்டது. சான்றிதழ் இல்லாத மனிதருக்கு ஒரு மூச்சு.

கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்ல சோதினை, தங்கச்சி," என்றார். "உள்ளதை உள்ளபடி காட்டுது." தாளை மடிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"என்ரை பிள்ளையளை இனி நீங்கள்தானே படிப்பிக்கப் போறியள். அவைக்கு அந்தப் பாட்டை மட்டும் சொல்லிக் குடுத்திடாதேங்கோ."

"இல்லை அண்ணை," என்றேன். "சத்தியமாச் சொல்லிக் குடுக்கமாட்டன்."

"ஓம், அது போதும். வாறன்."

விடுமுறை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். புதுத் தவணை முதல் நாள் என்ன செய்வது என்று ஆயத்தம் பண்ணினேன். பாட்டைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. எல்லாரையும் நேரே பின்வளவுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது, பாத்தியை அளப்பது, கன்றை எண்ணுவது. வளவுக்குள் மூலையில் சாத்தியிருந்த அவருடைய தடியைத் தேடி எடுத்துத் துடைத்தும் வைத்தேன்.

திங்கட்கிழமை மணி அடிக்கக் கால்மணி இருக்கும்போதே போனேன். இரண்டு பிரிவும் ஒரே அறையில் கலந்து இருந்தன. என் பழைய பிள்ளைகள் புதிதாக வந்தவர்களை வரவேற்று, பக்கத்தில் இருத்தி, ரீச்சருக்குப் பிடித்ததைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழிக் கணக்குக்கு முப்பத்தாறு எழுதிய அந்த வயற்காரச் சிறுமி முன்வாங்கில் இருந்து கைதட்டிப் பாடத் தொடங்கிவிட்டாள். தடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். என்னைக் கண்டவுடன் எல்லாரும் எழுந்து, எனக்கு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று இன்னும் உரத்துப் பாடினார்கள்.

நாற்பத்தாறு குரல்கள். தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை.